பதிவு நிற்கும் பக்கம்

எங்கள் ஸ்டுடியோவில் மொத்தம் மூன்று பேர். முதலாளி, வாயை மட்டும் வைத்துக்கொண்டு தொழில் நடத்துபவர். கேமராக்காரர், அவருக்கு 'நிதானம்' என்று பெயர் வைத்தது நான்தான். மண்டபம் தீப்பிடித்து எரிந்தாலும் முதலில் லென்ஸைத் துடைத்துவிட்டுத்தான் வெளியே வருவார். மூன்றாவது ஆள் நான். விசேஷ வீட்டுக்காரர்களுக்கு இணையத்தில் ஒரு பக்கம் போட்டுக்கொடுத்து, நேரலையை அதில் பதித்து, எல்லாம் முடிந்தபிறகு பதிவை அதே பக்கத்தில் நிறுத்தி வைப்பது என் வேலை.

கேட்க சுலபமாக இருக்கும். பக்கத்தின் அடியில் என் கைபேசி எண்ணைப் போடச் சொன்ன முதலாளியைத்தான் கேட்க வேண்டும், எவ்வளவு சுலபம் என்று. "படம் வரலையே" என்பார்கள். "சார், இன்னும் ஆரம்பிக்கல, பத்து மணிக்குத்தான்" என்பேன். "சத்தம் வரலையே" என்பார்கள். போனில் சத்தத்தை அவர்களே அடைத்து வைத்திருப்பார்கள். ஒரு பெரியவர் ஒரு சாவு நேரலையில், கேமராவைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பச் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டார். ஏன் சார் என்றேன். என் தம்பி வந்திருக்கானான்னு பார்க்கணும் என்றார். இப்படிப் பதினோரு வருஷம். யாராவது 'நேரலை' என்று சொன்னாலே எனக்குக் கழுத்து வலிக்கும்.

நேரலையைப் பக்கத்தில் பதிப்பதற்கு இரண்டு வழி உண்டு. அதைச் சொல்லாமல் மேலே சொல்ல முடியாது. ஒவ்வொரு நேரலைக்கும் வீடியோ தளம் ஒரு தனி முகவரி கொடுக்கும். அதைப் பதித்துவிட்டால் அந்த நிகழ்ச்சி மட்டும் ஓடும். முடிந்தபிறகு அதே பெட்டியில் அதன் பதிவு அப்படியே நிற்கும். இன்னொன்று சேனலின் பொது முகவரி. எங்கள் சேனலில் அந்த நிமிடம் எது நேரலையில் ஓடுகிறதோ, அதை அது காட்டும். எதுவும் ஓடவில்லை என்றால் வெறும் கறுப்புப் பெட்டி.

ஒழுங்காகப் பார்த்தால் தனி முகவரிதான் சரி. ஆனால் நாலு வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணத்தில், சரியாக மோதிரம் மாற்றும் நேரத்தில் இணையம் அறுந்தது. நேரலை தானாக முடிந்துபோனது. நாங்கள் மறுபடி தொடங்கியதும் புது நேரலை, புது முகவரி. பக்கத்தைத் திறந்து வைத்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் செத்துப்போன பழைய பெட்டியையே முறைத்துக்கொண்டிருந்தார்கள். நாற்பத்திரண்டு அழைப்பு. அன்றிலிருந்து நிகழ்ச்சி நடக்கும்போது பொது முகவரியைத்தான் போடுவேன். அறுந்தாலும் பக்கத்தை ஒரு தடவை புதுப்பித்தால் புதியது வந்து நிற்கும். முடிந்த மறுநாள் அதை எடுத்துவிட்டு, பதிவின் தனி முகவரியைப் போடுவேன். நேரலை நடக்கும்வரை எல்லாரும் பார்க்கும்படி இருக்கும். முடிந்ததும் லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றிவிடுவேன். நானே எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். நாலு வருஷத்தில் ஒரு தடவை தவிர எப்போதும் தப்பியதில்லை.

அந்த ஒரு தடவையைத்தான் சொல்ல வந்தேன்.

திங்கட்கிழமை ஒரு சாவு. பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். எல்லாரும் டீச்சரம்மா என்றே கூப்பிட்டார்கள், நானும். சின்ன கூடம், அறுபது நாற்காலி. இணையம் அறுபடவில்லை. யாரும் கேமராவை இடது பக்கம் திருப்பச் சொல்லவில்லை. அவரோடு வேலை பார்த்த ஓட்டுநர்களும் நடத்துநர்களும் ஒவ்வொருவராக எழுந்து வந்து பேசினார்கள். "ரெண்டு நிமிஷம் லேட்டா வந்தா நோட்டுல எழுதுவார், ஆனா வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லன்னு சொன்னா பேனாவ மூடிடுவார்" என்றார் ஒரு ஓட்டுநர். சாவு வீட்டில் சிரிப்பு வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை சட்டப்படி தனி முகவரியைப் போட்டேன். பதிவு ஒழுங்காக நின்றது. மேலே அவர் படம், 'கண்ணீர் அஞ்சலி' என்று பெரிய எழுத்தில் தலைப்பு, கீழே வீடியோ. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை டீச்சரம்மா நேரிலேயே வந்துவிட்டார். எங்கள் ஸ்டுடியோ மாடியில் இருக்கிறது, இருபத்துமூன்று படி. மூச்சு வாங்க வந்து நின்றவரை என் நாற்காலியில் உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை, டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த வீடியோ எத்தனை நாள் இருக்கும்மா?"

"நாங்க எடுக்கிற வரைக்கும் இருக்கும்மா. எடுக்க மாட்டோம்."

"ஞாயித்துக்கிழமை கண்டிப்பா இருக்குமில்ல?"

"இருக்கும். ஏம்மா?"

அப்போதுதான் சொன்னார். ஒரே மகள். விமானத்தில் ஆறு மணி நேரத் தொலைவில் இருக்கிறாள். அப்பா இறந்த அன்று அவளுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. நாள் குறித்தது மூன்று மாதத்துக்கு முன், தள்ளிப்போட முடியாது. அப்பா இறந்ததை அவளிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை. ஒரு வாரம் வரைக்கும் எந்த அதிர்ச்சியும் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மருமகனுக்குத் தெரியும். தினமும் அவள் கேட்கும்போது, "அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்கு, பேச முடியல" என்று சொல்லிச் சமாளிக்கிறார்களாம்.

"ஞாயித்துக்கிழமை சொல்லலாம்னு டாக்டர் சொல்லிட்டார். பதினோரு மணிக்கு டாக்டர் பக்கத்துலயே இருப்பாராம். மாப்பிள்ளை கேட்டார், நீங்க சொல்றீங்களா அத்தை, இல்ல நான் சொல்லட்டுமான்னு." டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "என் வாயால வராதும்மா. மாப்பிள்ளையும் வேணாம். அவர் சொன்னா அப்புறம் காலம் முழுக்க அவர் முகத்தப் பாக்கும்போதெல்லாம் அதுதான் ஞாபகம் வரும். அதான் யோசிச்சேன். அந்த வீடியோவுல அவர் கூட வேலை பாத்தவங்க எவ்வளவு அழகா பேசினாங்க. அவங்க சொல்லட்டும். உன் பக்கம் சொல்லட்டும்."

எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு செய்தியை அப்படியா சொல்வது? ஆனால் நான் யார்? பக்கம் போடுகிறவள். தவிர அன்றைக்குக் காலையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக் கல்யாண வீட்டுக்காரர்கள் பக்கத்தின் நிறத்தை ஐந்து தடவை மாற்றச் சொல்லியிருந்தார்கள். வாய் திறக்கத் தெம்பில்லை.

"உங்களுக்கு நான் என்ன செய்யணும்மா?"

"லிங்க்க அனுப்பினா, தொடறதுக்கு முன்னாடியே போன்ல சின்னதா படமும் எழுத்தும் வருதே, அது வரக் கூடாது. உள்ள போனதும் கண்ணீர் அஞ்சலின்னு பெரிசா மூஞ்சில அடிக்கக் கூடாது. அவர் படமும் வேணாம். பேர் மட்டும் போதும். வீடியோ அந்த டிரைவர் பேசற இடத்துல ஆரம்பிக்கணும். பேனாவ மூடிடுவார்னு சொன்னாரே, அங்க. முடியுமா?"

எல்லாம் முடியும். லிங்க்கோடு தெரிகிற படத்தையும் தலைப்பையும் எடுக்கலாம். எத்தனையாவது நொடியில் தொடங்க வேண்டும் என்று முகவரியோடு சேர்த்தால் வீடியோ அங்கிருந்தே ஓடும். "சனிக்கிழமை சாயந்தரத்துக்குள்ள பண்ணிடறேன்" என்றேன்.

"மறந்துட மாட்டியே?"

"மறக்க மாட்டேன்மா."

மறக்கத்தான் இல்லை. அதைவிட மோசமாகச் செய்தேன்.

சனிக்கிழமை மாலை அந்த வேலையை எடுத்தபோது கண் எரிந்துகொண்டிருந்தது. படமும் தலைப்பும் பக்கத்தில் பல இடங்களில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாகத் தேடி அழிக்க வேண்டும். அப்போது நினைவு வந்தது. திங்கட்கிழமை காலை, அவர்கள் படம் அனுப்புவதற்கு முன்னால், வெறும் பெயரோடு ஒரு பக்கம் போட்டு வைத்திருந்தேன். பெயர், தேதி, கூடத்தின் முகவரி, வீடியோ பெட்டி, அவ்வளவுதான். டீச்சரம்மா கேட்டதும் அதைத்தானே? அந்தப் பழைய பிரதியை எடுத்தேன். வீடியோவின் முகவரியை மட்டும் மாற்றி, ஆரம்ப நொடியைச் சேர்த்து, ஏற்ற வேண்டும். முதலில் ஏற்றிவிட்டு முகவரியை மாற்றலாம் என்று ஏற்றினேன். ஏற்றிய கையோடு போன் அடித்தது, கல்யாணப் பெண்ணின் அம்மா. மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கு நீலம் பிடிக்கவில்லையாம்.

இருபத்தைந்து நிமிடம் அந்த அம்மாளிடம் நீலத்தின் வகைகளைப் பற்றிப் பேசினேன். போனை வைத்தபிறகு டீச்சரம்மாவின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். தலைப்பு இல்லை. படம் இல்லை. லிங்க்கை எனக்கே அனுப்பிப் பார்த்தேன். பெயர் மட்டும் வந்தது. முடிந்தது என்று கணினியை மூடினேன். கீழே இறக்கிப் பார்க்கவில்லை. கீழே இருந்தது கறுப்புப் பெட்டி, அதற்குள் திங்கட்கிழமை காலையின் பொது முகவரி.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் பெரிய மண்டபத்தில். மேடைக்குப் பக்கத்தில் தூண் மறைவில் எனக்கு ஒரு மேசை. நிதானம் இரண்டாவது கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். பத்தரைக்கு நேரலையைத் தொடங்கினேன். ஐம்பது பேர், அறுபது பேர் என்று ஏறியது. முதலாளி வாசலில் நின்று, இது எங்கள் சொந்தத் தொழில்நுட்பம் என்று யாரிடமோ அளந்துகொண்டிருந்தார். பெண்ணின் அப்பா பேசப் போகிறார் என்று அறிவித்தார்கள். நல்ல பருமனான மனிதர். காகிதத்தை எடுத்தார், கண்ணாடியைத் தேடினார், சட்டைப்பையைத் தட்டினார். கண்ணாடி தலைமேல் இருந்தது. மண்டபமே சிரித்தது.

பதினொன்று ஐந்துக்கு என் போன் மேசைமேல் துடித்தது. டீச்சரம்மா.

"எம்மா." குரல் அடங்கியிருந்தது. "பக்கத்துல கல்யாணம் ஓடுதே."

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. இங்கே கல்யாணம் ஓடுகிறது என்பது எனக்குத் தெரியும். பிறகு புரிந்தது. கை தானாகக் கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்தது. நேரக்காப்பாளரின் பெயர். தேதி. கீழே, பெட்டிக்குள், தலைமேல் கண்ணாடியோடு பெண்ணின் அப்பா.

"அம்மா, என் தப்பும்மா. இதோ மாத்திடறேன். ஒரே நிமிஷம். லிங்க்க அனுப்பிட்டீங்களா?"

"அனுப்பிட்டேன். பாத்துட்டிருக்கா. மாப்பிள்ளை இன்னொரு போன்ல லைன்ல இருக்கார்."

அந்த ஒரு நிமிடத்தில் நான் என்னைத் திட்டிக்கொண்டது எழுதத் தகாது. பதிவின் தனி முகவரி, ஆரம்ப நொடி, எல்லாம் குறிப்பேட்டில் இருந்தது. பழையதை அழித்தேன், புதியதை ஒட்டினேன். சேமிக்க வேண்டியதுதான் பாக்கி. அவள் பக்கத்தைப் புதுப்பித்தால் சரியானது வந்துவிடும்.

"அம்மா, இப்ப சேமிக்கப் போறேன். மாப்பிள்ளைகிட்ட சொல்லி ஒரு தடவை பக்கத்தப் புதுப்பிக்கச் சொல்லுங்க."

"இரு."

"என்னம்மா?"

"இரும்மா. மாத்தாத."

மேடையில் பெண்ணின் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்தார். மண்டபம் மறுபடி சிரித்தது. போனில் டீச்சரம்மாவின் மூச்சு மட்டும் கேட்டது. அதற்குப் பின்னால், எங்கோ தூரத்தில், இன்னொரு போன் வழியாகக் கசிந்து வந்த சின்னச் சிரிப்பு.

"கேக்குதா?" என்றார். "சிரிக்கிறா. சிரிச்சா தையல் வலிக்குதுன்னு நெஞ்சப் புடிச்சிட்டு சிரிக்கிறாளாம். மாப்பிள்ளை சொல்றார், ஆபரேஷன் முடிஞ்சதுக்கப்புறம் இன்னிக்குத்தான் சிரிக்கிறான்னு." நிறுத்தினார். "அந்தாளு யாரும்மா?"

"பொண்ணோட அப்பா."

"நல்லா இருக்கட்டும்."

சுட்டுவிரல் சேமிக்கும் பொத்தானுக்கு மேலே நின்றது. அந்தப் பக்கத்தில் இருந்தது அப்பட்டமான தப்பு. இன்னொரு வீட்டின் கல்யாணத்தை ஒரு சாவு வீட்டின் பெயருக்குக் கீழே ஓடவிட்டிருந்தேன். இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் நான் பதில் சொல்ல வேண்டியவள். தப்பு தெரிந்தபிறகு ஒரு நொடிகூட அதை விட்டுவைத்ததில்லை நான். அன்றைக்கு விட்டுவைத்தேன்.

"எவ்வளவு நேரம் ஓடும் இது?" என்றார் டீச்சரம்மா.

"இன்னும் ஒரு மணி நேரம் ஓடும்மா."

"அவ்வளவு வேணாம்." பிறகு, யாரிடமோ கேட்பதுபோல, "ஒரு அஞ்சு நிமிஷம்" என்றார்.

கணக்கு டீச்சர். அளவாகத்தான் கேட்டார்.

அந்த ஐந்து நிமிடமும் அவர் அழைப்பைத் துண்டிக்கவில்லை. நானும் துண்டிக்கவில்லை. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கல்யாணத்தைப் பார்த்தேன். பதினோரு வருஷமாகக் கல்யாணங்களைத் திரையில் பார்க்கிறேன், ஒன்றையும் பார்த்ததில்லை. ஒலி சரியா, படம் உறைகிறதா, எத்தனை பேர், அவ்வளவுதான் என் கண்ணில் படும். அன்றைக்குத்தான் அந்த மனிதரின் பேச்சைக் கேட்டேன். பெண் சின்ன வயதில் சைக்கிள் கற்றுக்கொண்டபோது பின்னால் பிடித்துக்கொண்டே ஓடியதைச் சொன்னார். விட்டுவிட்டேன் என்று அவளிடம் சொல்லவே இல்லையாம். தெருமுனை வரைக்கும் அவளே ஓட்டிக்கொண்டு போய்விட்டாளாம். சொல்லும்போது குரல் உடைந்துபோனது. நல்ல வேளை காகிதம் இருந்தது, முகத்தை மறைத்துக்கொண்டார்.

தோளில் இருந்த போனில் டீச்சரம்மா இன்னொரு போனோடு பேசுவது கேட்டது. "ஆமா, அழறார் பாவம்... ஆமாடி, உங்கப்பாவும்தான் சைக்கிளுக்குப் பின்னாடி ஓடினார்... விழுந்து முட்டியப் பேத்துகிட்டது அவர்தான், நீ இல்ல." மகள் ஏதோ கேட்டிருக்க வேண்டும். நிதானம் என்னைப் பார்த்து, என்ன என்று சைகையில் கேட்டார். ஒன்றுமில்லை என்று தலையசைத்தேன்.

பிறகு டீச்சரம்மா என்னிடம் சொன்னார். "அப்பா பேர் போட்ட பக்கத்துல எதுக்கும்மா யாரோ கல்யாணம் ஓடுது, அப்பா எங்கன்னு கேக்கறா."

"நான் இப்பவே..."

"வேணாம். நீ வை. நான் கூப்பிடறேன்."

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

மேடையில் மோதிரம் மாற்றினார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்ப்பவர்கள் எழுபத்தொன்று. எழுபத்தொன்று. எழுபது. யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். இந்த எண் எப்போதும் ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும், நெட் போனவர், அடுப்பைப் பார்க்கப் போனவர், அலுத்துப்போனவர் என்று. ஆனால் அந்த ஒன்று குறைந்தது அவள்தான் என்று எனக்குத் தோன்றியது. மேசைக்கு அடியில் குனிந்து, வயர் சரிசெய்வதுபோல் கொஞ்ச நேரம் இருந்தேன்.

முதலாளி வந்து, "என்ன, ஏதாவது பிரச்சனையா?" என்றார்.

"ஒண்ணுமில்ல சார். வயரு."

"பாத்துக்க. நம்ம பேரு கெட்டுடக் கூடாது" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுக் கூடத்தின் பக்கம் போனார். அவருக்கு இருக்கும் கவலையெல்லாம் அவ்வளவுதான். பேரு எப்போதோ கெட்டுவிட்டது என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

பன்னிரண்டேகாலுக்கு டீச்சரம்மா கூப்பிட்டார். குரல் நன்றாகக் கட்டியிருந்தது, ஒரு வகுப்பு முழுக்கச் சத்தம்போட்டுப் பாடம் நடத்தியவர்போல.

"சொல்லிட்டேன்" என்றார். "நானே சொல்லிட்டேன்."

"எப்படி இருக்காங்க?"

"எப்படி இருப்பா? அழுதா. டாக்டர் பக்கத்துலயே இருந்தார். இப்ப தூங்கறா. எழுந்ததும் பாக்கறேன்னு சொல்லியிருக்கா. இப்ப மாத்தும்மா."

"மாத்தறேன். அந்த டிரைவர் பேசற இடத்துலேர்ந்து ஆரம்பிக்கற மாதிரி வச்சிருக்கேன்."

"வேணாம். முதல்லேர்ந்து வை. அவர் படத்தையும் போடு. தலைப்பையும் போடு. மறைக்க என்ன இருக்கு இனிமே?"

செவ்வாய்க்கிழமைப் பக்கம் அப்படியே என்னிடம் இருந்தது. அதை ஏற்றினேன். இந்தத் தடவை கடைசிவரை இறக்கிப் பார்த்தேன். மேலே அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே வீடியோவை ஓடவிட்டேன். அறுபது நாற்காலிகளும் காலியாக, கூடத்தில் யாரோ மின்விசிறியைப் போடும் சத்தத்தோடு தொடங்கியது. என் போனிலும் திறந்து பார்த்தேன். நிதானத்தின் போனைப் பிடுங்கி அதிலும் பார்த்தேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை, லென்ஸ் துடைக்கிற துணியால் திரையைத் துடைத்துக் கொடுத்தார்.

"சரியா வந்திருக்கும்மா" என்றேன் போனில். பிறகு, சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அம்மா, இது நெட்டோட கோளாறு இல்ல. பழைய பக்கத்த எடுத்துப் போட்டுட்டு முகவரிய மாத்தாம விட்டுட்டேன். கீழ வரைக்கும் பாக்கல. முழுக்க என் கவனக்குறைவு."

"தெரியும்" என்றார். "முப்பத்தஞ்சு வருஷம் பேப்பர் திருத்தினவ நான். எது தெரியாத தப்பு, எது அசதில வர்ற தப்புன்னு பாத்ததும் தெரியும்."

மன்னிச்சிடுங்க என்றேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"நீ சரியா பண்ணியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சிட்டிருந்தேன்" என்றார். "லிங்க்க அனுப்பிட்டு போன வச்சிருப்பேன். அதுதான் என் திட்டம். அவ பாத்து முடிக்கற வரைக்கும் எடுக்கவே கூடாதுன்னு போன அணைச்சு அலமாரில வைக்கறதா இருந்தேன். நானும் பக்கத்தத் திறந்து கல்யாணத்தப் பாத்ததாலதான் பதறிப்போய் மாப்பிள்ளையக் கூப்பிட்டேன், போன அவ வாங்கிட்டா. அதனாலதான் அவ அழும்போது நான் லைன்ல இருந்தேன்."

மண்டபத்தில் சாப்பிடக் கூப்பிட்டார்கள். நாற்காலிகள் தரையில் உரசின. அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"நாங்க ரெண்டு பேரும் சேந்து அழுதோம்மா" என்றார். "திங்கட்கிழமைலேர்ந்து நான் அழவே இல்ல. வீடியோவுல பாரு, தெரியும்."

அன்று மாலை வீட்டுக்கு வந்து, காலைக்கூடக் கழுவாமல், அந்தப் பதிவைப் போட்டுப் பார்த்தேன். நான் ஒளிபரப்பிய நிகழ்ச்சி. நான் பார்க்காத நிகழ்ச்சி. ஓட்டுநர் பேசுகிறார், எல்லாரும் சிரிக்கிறார்கள், கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். முதல் வரிசையில் டீச்சரம்மா இரண்டு கையையும் மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். சிரிக்கவில்லை. அழவில்லை. கேமராவைப் பார்க்கிறார். பேசுகிறவரைக்கூடப் பார்க்காமல், ஒன்றே கால் மணி நேரமும், கேமராவை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் கல்யாணப் பக்கத்தில் பதிவின் தனி முகவரியைப் போட்டேன். கீழ் வரைக்கும் இறக்கிப் பார்த்தேன். பிறகு டீச்சரம்மாவின் பக்கத்துக்குப் போனேன். அந்தப் பதிவுக்கு முந்தின நாள் மாலை நான் பார்க்கும் முன் நூற்றுப் பன்னிரண்டு பார்வை. இப்போது நூற்றுப் பதினான்கு. ஒன்று நான்.